மாதம் 25,000 அனுப்பினால் கடன் எப்போது முடியும்?

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கடனைப் பற்றிப் பேசினால் ஒரு கணக்கு அடிக்கடி காதில் விழும். கடன் 25 லட்சம், மாதம் 25,000 கட்டுகிறேன், ஆக நூறு மாதம். வட்டிக்காக ஒன்றிரண்டு வருஷம் கூடப் போட்டால் பத்து வருஷத்தில் கடன் முடிந்துவிடும், அப்புறம் ஊரோடு வந்துவிடலாம்.

வட்டி 9 சதவீதம் என்றால் அந்தக் கடன் முடிய 186 மாதம் ஆகும். அதாவது பதினைந்தரை வருஷம். முப்பத்தெட்டு வயதில் கடன் வாங்கியவர் நாற்பத்தெட்டில் திரும்பலாம் என்று எண்ணியிருப்பார். கணக்கோ ஐம்பத்து மூன்று என்கிறது. அந்த ஐந்தரை வருஷத்தில் பிள்ளைகள் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு முதுமை வந்திருக்கும். கடன் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிடவேண்டும் என்று சொல்வது அதனால்தான். போடுவது கடினமும் இல்லை. கூட்டல், கழித்தல், இரட்டிப்பு தெரிந்தால் காகிதத்திலேயே போட்டுவிடலாம்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. மாதம் 1,500 திர்ஹாம் ஊருக்கு அனுப்புகிறார். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 34,500 ரூபாய். முதல் தவறு பெரும்பாலும் இங்கேயே நடக்கும். அனுப்பும் பணம் முழுவதும் கடனுக்குப் போவதில்லை. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாம் அதிலிருந்துதான். அந்த வகையில் 9,500 போனால் வங்கிக்குச் சேர்வது 25,000. எத்தனை வருஷம் ஆகும் என்ற கேள்விக்கு இந்த 25,000 மட்டும்தான் கணக்கு. 34,500 என்ற எண்ணை இங்கே மறந்துவிடவேண்டும்.

இந்த 25,000 வங்கியில் என்ன ஆகிறது? 25 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 2,25,000 வட்டி, மாதத்துக்கு 18,750. முதல் மாதம் கட்டிய பணத்தில் வங்கி 18,750-ஐ வட்டியாக எடுத்துக்கொள்ளும். மீதி 6,250 மட்டுமே அசலில் கழியும். கட்டியதில் கால் பங்குதான் கடனைத் தொடுகிறது.

அடுத்த மாதம் அசல் 6,250 குறைந்திருப்பதால், அந்த 6,250-க்கு உரிய ஒரு மாத வட்டி, சுமார் 47 ரூபாய், மிச்சம். கட்டும் தொகை அதே 25,000 என்பதால் அந்த 47 ரூபாய் தானாக அசல் பக்கம் சேர்ந்து 6,297 ஆகும். இப்படி அசலுக்குப் போகும் பங்கு மாதாமாதம் முக்கால் சதவீதம் வளர்ந்துகொண்டே போகும். அது ஒருநாள் முழு 25,000 ஆகிவிட்டால் வட்டி என்று எடுக்க எதுவும் இல்லை, கடன் தீர்ந்தது என்று அர்த்தம்.

அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. முதல் மாதம் அசலுக்குப் போகும் 6,250, எத்தனை முறை இரட்டித்தால் 25,000 ஆகும்? 6,250 ஒருமுறை இரட்டித்தால் 12,500. இன்னொரு முறை இரட்டித்தால் 25,000. இரண்டு இரட்டிப்பு. ஓர் இரட்டிப்புக்கு எத்தனை வருஷம் என்பதற்கு எளிய வழி உண்டு: 70-ஐ வட்டி விகிதத்தால் வகுக்கவேண்டும். 70-ஐ 9-ஆல் வகுத்தால் ஏழேமுக்கால் வருஷத்துக்கு ஒரு துளி கூட. இரண்டு இரட்டிப்புக்குப் பதினைந்தரை வருஷம். கணினியோ வங்கி அலுவலரோ தேவைப்படவில்லை.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் கைபேசியில் இருக்கும் எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இந்த ஒரு வரியை இடலாம். வட்டி, மாதம் கட்டும் தொகை, கடன் என்ற வரிசையில் எண்கள் இருக்கும். கட்டும் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி அவசியம்.

```
=NPER(9%/12,-25000,2500000)
```

விடை 185.5 மாதம் என்று வரும். கடைசி மாதம் பாதித் தவணை.

இந்த இரட்டிப்புக் கணக்கின் பெரிய பயன், தொகையைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ என்ன ஆகும் என்பதை உடனே காட்டிவிடுவதுதான். வங்கிக்கு மாதம் 20,000 மட்டுமே சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி போக அசலுக்குப் போவது 1,250. அது 2,500, 5,000, 10,000, 20,000 என்று நான்கு முறை இரட்டிக்கவேண்டும். முப்பத்தொரு வருஷம் ஆகிவிடும். கட்டும் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, காலம் இரண்டு மடங்காகிவிட்டது. 18,750 மட்டும் கட்டினால் கடன் எந்தக் காலத்திலும் தீராது. வட்டி மட்டும் அடைபட்டு, 25 லட்சம் 25 லட்சமாகவே நிற்கும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 37,500 கட்ட முடிந்தால் அசலுக்கு 18,750, ஒரே இரட்டிப்பு, ஏழேமுக்கால் வருஷத்தில் முடிந்தது. 30,000 என்றால் அசலுக்கு 11,250. ஒருமுறை இரட்டித்து 22,500 ஆக ஏழேமுக்கால் வருஷம், அங்கிருந்து 30,000-ஐத் தொட இன்னொரு மூன்றேகால் வருஷம், ஆக மொத்தம் பதினொன்று. 25,000-க்கும் 30,000-க்கும் இடையே இருக்கும் அந்த 5,000 ரூபாய் நாலரை வருஷத்தைக் குறைக்கிறது.

‘பத்து வருஷத்தில் முடிக்கவேண்டும், எவ்வளவு அனுப்பவேண்டும்?’ என்று திருப்பிக் கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 9 சதவீதத்தில், பத்து வருஷத் தவணை லட்சத்துக்குச் சுமார் 1,267 ரூபாய். 25 லட்சத்துக்கு ஏறத்தாழ 31,670. இப்போது கட்டுவதைவிட 6,670 கூட, திர்ஹாமில் சொன்னால் 290. மாதம் 290 திர்ஹாம் ஐந்தரை வருஷத்துக்குச் சமம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், வெள்ளிக்கிழமை ஓவர்டைம் ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதையும், வீட்டின் இரண்டாவது மாடியை இப்போதே கட்டுவதா என்பதையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச ஒரு அடிப்படை கிடைக்கும். கடனையே 20 லட்சமாகக் குறைத்துக்கொண்டால் அதே 25,000-இல் பத்து வருஷத்துக்கு மூன்று மாதம் கூட ஆகும், அவ்வளவுதான். திட்டத்தில் ஐந்து லட்சம் குறைப்பது பணத்தை மட்டும் குறைப்பதில்லை.

ஐந்து வருஷம் கட்டியபின் வங்கிக் கணக்கறிக்கையை வாங்கிப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறையப் பேர். நம் கணக்கில் அந்த நாளில் கட்டியிருப்பது 15 லட்சம், பாக்கி நிற்பது 20,28,600. குறைந்தது நாலே முக்கால் லட்சத்துக்கும் சற்று உள்ளேதான். வங்கி ஏதோ ஏமாற்றிவிட்டது என்று தோன்றும். ஏமாற்றவில்லை. பாதிக் காலம், அதாவது ஏழேமுக்கால் வருஷம், கடந்தபிறகும் 16,67,000 பாக்கி இருக்கும். மூன்றில் ஒரு பங்குதான் அடைந்திருக்கும். மிச்ச இரண்டு பங்கும் பின்பாதியில் அடையும். முதல் வருஷ முடிவில் பாக்கி ஏறத்தாழ 24,21,800 என்று இருக்கவேண்டும். உங்கள் அறிக்கையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால், தவணை எதுவும் தவறியதா, காப்பீட்டு பிரீமியம் ஏதும் கடனோடு சேர்க்கப்பட்டதா, வட்டி ஏறியதா என்று அப்போதே கேட்டுவிடவேண்டும். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் உண்டு. அஸ்திவாரம், லின்டல், கூரை கான்கிரீட் என்று வங்கி கட்டம் கட்டமாகப் பணம் தரும்வரை பெரும்பாலும் வட்டி மட்டும்தான் வசூலாகும். அந்த மாதங்கள் 186-இல் சேராது. மேஸ்திரி வேலையை ஒரு வருஷம் இழுத்தால் கடனும் ஒரு வருஷம் தள்ளித்தான் தொடங்கும்.

இதுவரை போட்டது எல்லாம் வட்டி அசையாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில். பெரும்பாலான வீட்டுக்கடன்கள் மிதக்கும் வட்டியில் உள்ளவை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதத்தில் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதோடு சேர்ந்து வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது. நம் 25 லட்சத்தையும் 25,000-ஐயும் வைத்துப் பாருங்கள். வட்டி 7 சதவீதமாக இருந்தால் 151 மாதத்தில் முடிந்துவிடும். அதே கடன் 9.5 சதவீதம் என்றால் 199 மாதம். நான்கு வருஷ வித்தியாசம்.

இந்த ஏற்றம் வெளிநாட்டில் இருப்பவர் கண்ணில் படாமலேயே போய்விடும் என்பதுதான் கவலைக்குரியது. வட்டி ஏறினால் வங்கிகள் பல நேரம் தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டிவிடும். மாதம் அதே 25,000 கணக்கிலிருந்து போகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது. முடியும் தேதி மட்டும் நகர்ந்திருக்கும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்கு வங்கி தரவேண்டும். அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ ஊரில் உள்ள பழைய கைபேசி எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் பயன் இல்லை. வங்கியில் பதிவாகியிருக்கும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று இந்த மாதமே பார்த்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மீதித் தவணைகள் எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள். போன வருஷத்தைவிடப் பன்னிரண்டு குறைந்திருக்கவேண்டும். குறையவில்லை என்றால் காலம் நீண்டிருக்கிறது.

திர்ஹாம் பக்கம் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் திர்ஹாமுக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கும். 2014 தொடக்கத்தில் சுமார் 17 ரூபாயாக இருந்த திர்ஹாம், 2024 தொடக்கத்தில் இருபத்திரண்டரையைத் தாண்டியிருந்தது. சராசரியாக வருஷத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம். அனுப்புவது அதே 1,500 திர்ஹாம்தான், ஊரில் விழும் ரூபாய் மட்டும் வளர்கிறது. வீட்டுச் செலவும் வளரும் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். திர்ஹாம் வருஷம் 3 சதவீதம் ஏறி, வீட்டுச் செலவு 6 சதவீதம் ஏறி, இரண்டும் போக மிஞ்சுவதை முழுவதும் கடனில் கட்டினால், 186 மாதக் கடன் 158 மாதத்தில் முடியும். பதிமூன்று வருஷம் இரண்டு மாதம்.

ஆனால் இந்தக் கூடுதல் பணம் தானாகக் கடனுக்குப் போய்விடாது. வங்கி எடுப்பது 25,000 மட்டும். மேலே விழும் 500, 1,000 எல்லாம் சேமிப்புக் கணக்கில் தங்கி, கல்யாண மொய்யிலும் பண்டிகைத் துணிமணியிலும் கரையும். அதை அசலில் கட்டச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் இந்த 28 மாதம் மிச்சமாகும். அதோடு 2014-க்கும் 2018 தொடக்கத்துக்கும் இடையில் ரூபாய் மொத்தத்தில் பெரிதாகச் சரியாமல் நின்றதையும் மறக்கக் கூடாது. இடையில் ஏறி இறங்கினாலும், நான்கு வருஷம் கழித்தும் திர்ஹாம் 17 ரூபாயை ஒட்டியே இருந்தது. ஆகவே திட்டம் போடும்போது இன்றைய விகிதத்தை வைத்தே போடுங்கள், ரூபாய் சரிந்தால் வருவது கூடுதல் லாபம். சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் இப்படிக் கட்டப்பட்டவை இல்லை, அங்கிருந்து அனுப்புகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

வெளிநாட்டு வேலையில் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஒப்பந்தம் முடிந்து அடுத்த விசா வரும்வரை இடைவெளி, சம்பளம் பிடிக்கப்படும் ஊர் விடுப்பு, கம்பெனியில் சம்பளம் தேங்கிப்போவது எல்லாம் நடக்கும். இரண்டாம் வருஷ முடிவில் மூன்று மாதம் கட்ட முடியாமல் போனால், அபராதத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே கடன் 196 மாதம் ஆகும். விட்டது மூன்று மாதம், கடைசியில் கூடுவது பத்து மாதம். அந்த 75,000 ரூபாய்க்கும் பதிமூன்று வருஷத்துக்கு மேல் வட்டி ஏறிக்கொண்டே போகும் அல்லவா.

இதே கணக்கு நம் பக்கமும் வேலை செய்யும். அதே இரண்டாம் வருஷ முடிவில், சீட்டு எடுத்தோ போனஸிலோ ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் 186 மாதம் 173 ஆகும். நாலு தவணைப் பணம் பதிமூன்று தவணையை அழிக்கிறது. அந்த ஒரு லட்சத்தைப் பன்னிரண்டாம் வருஷம் கட்டினால் ஐந்து மாதம்தான் குறையும். கையில் பணம் வரும்போது முதல் ஐந்து வருஷத்திலேயே அசலைக் குறைப்பதுதான் லாபம். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கட்டும்போது ஒரு வரி எழுதிக் கொடுக்கவேண்டும்: தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று. எழுதிக் கொடுக்காவிட்டால் காலத்தை வைத்துக்கொண்டு தவணையைக் குறைத்துவிடும் வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் நாம் எதிர்பார்த்த மாதங்கள் குறையாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேலை நிரந்தரம் இல்லாத ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டு. கடனை இருபது வருஷத்துக்கு எழுதி வாங்குங்கள். அப்போது வங்கி கேட்கும் தவணை சுமார் 22,500. உங்களால் முடிகிற 25,000-இல் மிச்சமிருக்கும் 2,500-ஐ மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ அசலில் கட்டுங்கள். மாதாமாதம் கட்டினால் கடன் அதே பதினைந்தரை வருஷத்தில்தான் முடியும். ஆனால் வேலை தடுமாறும் மாதத்தில் கட்டாயம் கட்டவேண்டியது 22,500 மட்டும். அதோடு ஆறு தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, யாரும் தொடாமல் வைத்திருந்தால் விசா இடைவெளியைக் கடந்துவிடலாம். தவணை நாளையும் கவனிக்கவேண்டும். ஷார்ஜாவில் சம்பளம் வருவது ஐந்தாம் தேதி, வங்கி பணம் எடுப்பதும் ஐந்தாம் தேதி என்றால் ஏதாவது ஒரு மாதம் பணம் வந்து சேர்வதற்குள் தவணை திரும்பிவிடும். பத்துக்கோ பதினைந்துக்கோ மாற்றித்தரும்படி கடன் வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசித் தவணை கட்டிய நாளில் வேலை முடிந்துவிடாது. 2023 டிசம்பர் முதல், கடன் முழுவதும் அடைந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழ்நாட்டில் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டே முடிப்பதாக இருந்தால், ஊரில் இதற்கெல்லாம் போய்வரப் போகிறவருக்கு என்னென்ன ஆவணமும் அதிகாரப் பத்திரமும் தேவை என்று கடைசி வருஷத்திலேயே வங்கியில் கேட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ரசீது பதிவான சில நாளில் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.